உடைக்கும் நேரம், அள்ளும் நேரம்

அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கோ பிரேக்கர் ஓடத் தொடங்கியதும் பலரும் முதலில் மேல்வீட்டைத்தான் சந்தேகிப்பார்கள். மாடியேறிப் போய் மணியடித்தால் அந்த வீட்டில் எந்த வேலையும் நடக்காது. உடைப்பு நடப்பது இரண்டு மாடி கீழே, அதுவும் பக்கத்து வரிசையில் என்பது விசாரித்த பிறகுதான் தெரியவரும்.

இப்படித் திசை தெரியாமல் போவதற்குக் காரணம் கட்டடத்தின் உடம்பிலேயே இருக்கிறது. பேச்சு, பாட்டு, தொலைக்காட்சி ஆகியவற்றின் ஓசை காற்றில் வருகிறது. கதவையும் சன்னலையும் மூடினால் அதில் பெரும்பகுதி நின்றுவிடும். பிரேக்கரின் உளி நேராகத் தளத்தையும் சுவரையும் அடிக்கிறது. தளம், உத்தரம், தூண் எல்லாம் கம்பி கட்டி ஒன்றாக வார்த்த கான்கிரீட் என்பதால் அடியின் அதிர்வு அவற்றின் வழியே ஓடி, வேறொரு வீட்டின் சுவரில் மறுபடி ஓசையாகிறது. வேலை நடக்கும் வீட்டின் கதவைச் சாத்துவதால் மற்றவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. அதே வீட்டில் பெயின்ட் அடிப்பவரும் வயர் இழுப்பவரும் நாள் முழுக்க இருந்தாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது.

ஆட்கள் குடியிருக்கும் கட்டடத்தில் புதுப்பிப்பு வேலைக்கு விதி எழுதும் சங்கங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ‘வேலை நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை’ என்று ஒற்றை வரியில் எழுதினால் பிரேக்கருக்கும் பெயின்ட் பிரஷ்ஷுக்கும் ஒரே உரிமை கிடைத்துவிடுகிறது. தொல்லை தராத வேலையும் தேவையில்லாமல் கட்டுப்படுகிறது. நேரத்தைக் கருவியைப் பார்த்துப் பிரிப்பதே சரியான வழி.

சட்டம் நிற்கும் இடம்

இந்தியாவில் ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தன. அவற்றின்படி குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. 2010இல் செய்த திருத்தம், ஓசை எழுப்பும் கட்டுமானக் கருவிகளைக் குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் இயக்கக் கூடாது என்று தெளிவாகத் தடை விதித்தது.

ஆக, இரவு பத்து மணிக்கு மேல் பிரேக்கர் ஓடினால் நேரே காவல் துறையிடம் புகார் சொல்லலாம். மீதிப் பதினாறு மணி நேரத்துக்கு, ஒரு வீட்டுக்குள் எந்த மணியில் டைல் உடைக்கலாம் என்று சட்டம் பிரித்துச் சொல்வதில்லை. டெசிபல் வரம்பு இருக்கிறது. ஆனால் மதியம் இரண்டு மணிக்குத் தொட்டிலில் குழந்தை விழித்து அழும்போது யாரும் அளவீட்டுக் கருவியோடு வந்து நிற்கப்போவதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது உரிமையாளர் சங்கத்தின் விதிதான்.

இதை அரசு நிறுவனமே எழுதி வைத்திருக்கும் ஊர் சிங்கப்பூர். அங்கே பெரும்பாலான மக்கள் வசிப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில். கழகத்தின் விதி வேலைகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. சாதாரணப் புதுப்பிப்பு வேலையைத் திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை செய்யலாம். சுவர் இடிப்பது, தரை ஓடு பெயர்ப்பது, டைல் வெட்டுவது, அதிகமாகத் துளை போடுவது போன்ற இரைச்சலான வேலைகளுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. சனிக்கிழமை கூடாது. ஞாயிறும் பொது விடுமுறையும் கூடாது. தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு ஆகியவற்றின் முந்தைய நாளும் கூடாது.

முழு வேலையையும் முடிக்க அங்கே ஒரு கெடுவும் உண்டு. புதிதாகக் கட்டி ஒப்படைத்த கட்டடத்தில் அனுமதி வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம். ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு மாதம். புதுக் கட்டடத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் வேலை செய்துகொண்டிருப்பார்கள். பழைய கட்டடத்தில் ஒருவர் வேலையை மற்ற எல்லோரும் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சிறிய சன்னல், நீளும் நாள்

ஓசை நேரத்தை எவ்வளவு குறைக்கலாம்? பல சங்கக் கூட்டங்களில் கோபத்தோடு வைக்கப்படும் கோரிக்கை, ‘காலை பத்திலிருந்து ஒரு மணி வரை மட்டும்’ என்பது. அதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

எடுத்துக்காட்டாகச் சென்னையில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடி வீடு. இரண்டு குளியலறைகள், ஒவ்வொன்றும் எட்டடிக்கு ஐந்தடி. ஏழடி உயரத்துக்கு டைல். இரண்டிலும் பழைய டைலைப் பெயர்த்துப் புதிதாகப் பதிக்க வேண்டும். ஒரு குளியலறையின் சுவரையும் தரையையும் சிறிய பிரேக்கரால் ஒருவர் உடைக்கப் பத்து மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சேர்த்து இருபது மணி நேரம்.

காலை 10 முதல் 1, பிற்பகல் 3 முதல் 5 என்று நாளுக்கு ஐந்து மணி நேரம் கொடுத்தால் நான்கு நாளில் உடைப்பு முடியும். காலை மூன்று மணி நேரம் மட்டும் என்றால் ஏழு நாள் ஆகும். இடையில் ஒரு ஞாயிறும் வரும். மொத்த ஓசை ஒன்றுதான். அது நீண்டு இன்னொரு வாரத்துக்குள் நுழைகிறது. அதோடு பிரேக்கர் ஓட்டுபவருக்கும் சித்தாளுக்கும் முழு நாள் கூலி கொடுக்க வேண்டிய ஒப்பந்ததாரர் அந்த மூன்று மணி நேரத்தில் இரண்டு பிரேக்கரை ஒரே சமயத்தில் இறக்குவார். கட்டடம் முழுக்க அதிரும். இல்லையென்றால் ஒரு மணிக்கு மேல், “இன்னும் நாலு டைல்தான் சார்” என்று நாளும் ஒரு வாக்குவாதம் நடக்கும்.

ஐந்து மணி நேரம் கொடுத்து, நடுவில் இரண்டு மணி நேர அமைதியை உறுதியாகக் காப்பதே இரு தரப்புக்கும் நல்லது. அந்த ஒன்று முதல் மூன்று வரை குழந்தைகளும் முதியவர்களும் இரவுப் பணி முடித்து வந்தவர்களும் படுக்கலாம். வேலையாட்களுக்கு அதில் வேறு வேலை இருக்கிறது. அது பின்னால் வரும்.

விதியில் மூன்று விஷயங்களைச் சேர்த்துவிட்டால் பெரும்பாலான சண்டை குறையும். முதலாவது, உடைப்பு தொடங்கும் தேதியையும் முடியும் தேதியையும் சில நாள் முன்பே லிஃப்ட் அருகே ஒட்டுவது. ‘புதன் முதல் சனி வரை’ என்று தெரிந்தால் நோயாளி உள்ள வீடு மாற்று ஏற்பாடு செய்துகொள்ளும். இரண்டாவது, பொதுத்தேர்வு நாள்களில் உடைப்பு வேலைக்கு அனுமதி தராமல் இருப்பது. மூன்றாவது, குழாய் வெடிப்பு, மின்கசிவு போன்ற அவசரங்களுக்கு விலக்கு. கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் சொட்டும்போது ஞாயிற்றுக்கிழமை என்று காத்திருக்க முடியாது.

உடைப்பு முடிந்த பிறகும் ஓசை கொஞ்சம் மிச்சமிருக்கும். குழாய் பதிக்கச் சுவரில் காடி வெட்டுவதும் டைல் வெட்டுவதும் அதே ஓசை நேரத்துக்குள் வர வேண்டும். டைல் வெட்டுவதில் இன்னொரு தீங்கும் உண்டு. உலர்ந்த டைலைக் கட்டிங் மெஷினால் அறுக்கும்போது பறக்கும் மெல்லிய தூளில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலுக்குக் கெடுதலான அந்தத் தூள் முதலில் போவது வெட்டுபவரின் மூச்சில்தான். தண்ணீர் விட்டு வெட்ட வேண்டும், வீட்டுக்குள்ளேயே வெட்ட வேண்டும், படிக்கட்டுத் திருப்பத்தில் வெட்டக் கூடாது என்று எழுதிவைப்பது அவருக்கும் பாதுகாப்பு.

ஒரு குளியலறைக்கு நாற்பத்து நான்கு சாக்கு

ஓசை நின்றதும் மறந்துபோகும். இடிபாடு அப்படிப் போகாது. அது எவ்வளவு வரும் என்பதை வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள்.

மேலே சொன்ன குளியலறையின் சுவரில் கதவு போக ஏறக்குறைய 15 சதுர மீட்டர் டைல் இருக்கிறது. டைலும் அதன் பின்னாலுள்ள கலவையும் சேர்ந்து இரண்டரை சென்டிமீட்டர் கனம் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ. சுவர் மட்டும் 750 கிலோ. தரையில் மூன்றரை சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். அங்கே கலவை கனமாக இருப்பதால் இன்னொரு 350 கிலோ. ஆக, ஒரு குளியலறைக்கு 1.1 டன். இரண்டுக்கும் 2.2 டன்.

நம் ஊர் குளியலறைகளில் தளத்தைத் தாழ்த்தி வார்த்து, அந்தப் பள்ளத்தைச் செங்கல் ஜல்லியால் நிரப்பிக் குழாய் பதித்திருப்பது வழக்கம. பழைய குழாயையும் மாற்ற அந்த நிரப்பலைத் தோண்டினால் ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு டன்னுக்கு மேல் கூடும். ஒன்பது அங்குல ஆழம் என்றால் இரண்டுக்குமான மொத்தம் ஐந்து டன்னைத் தொடும். வேலை தொடங்கும் முன்பே ‘டைல் மட்டுமா, நிரப்பலும் எடுக்கிறீர்களா’ என்று சங்கம் கேட்க வேண்டும். கழிவு வெளியேற்றும் திட்டம் அந்தப் பதிலைப் பொறுத்து இரண்டு மடங்காகலாம்.

இடிபாடு பொதுவாகப் பழைய சிமென்ட் சாக்கில் கட்டப்படுகிறது. முழுக்க நிரப்பினால் ஒரு சாக்கு நாற்பது கிலோவைத் தாண்டும், தைத்த விளிம்பு பிரியும், தூக்குபவரின் முதுகும் தாங்காது. சித்தாளாக வரும் பெண்களின் தலையில்தான் அந்தச் சுமை பெரும்பாலும் ஏறுகிறது. சாக்கில் பாதிக்குச் சற்று மேல் வரை நிரப்பி, வாயைக் கட்டி, 25 கிலோவில் நிறுத்துவது நல்ல விதி. அப்படியென்றால் ஒரு குளியலறைக்கு 44 சாக்கு, இரண்டுக்கு 88.

எங்கே அடுக்கக் கூடாது

எண்பத்தெட்டுச் சாக்கையும் கடைசி நாள் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்ததாரர்கள் சொல்வதுண்டு. வண்டி வாடகை மிச்சம் என்பது அவர்கள் வாதம். அதற்கு எதிரான வலுவான காரணம் தளத்தின் தாங்குதிறன்.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ நகரும் சுமைக்கு வடிவமைக்கச் சொல்கிறது. ஆட்களும் கட்டிலும் பீரோவும் எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான். உதிரி இடிபாட்டின் எடை கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,300 கிலோ. அறை மூலையில் அதை ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவித்தால் தளத்தின் அந்தப் பகுதி தன் கணக்கைவிட ஆறு மடங்கு சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும். தளம் உடனே இடிந்து விழுந்துவிடாது, ஏனென்றால் பாதுகாப்புக்கென்று கூடுதல் வலு வைத்துத்தான் கட்டுகிறார்கள். ஆனால் அந்தக் கூடுதல் வலு இடிபாடு சேமிப்பதற்காக வைத்தது அல்ல. கீழ்வீட்டுக் கூரைப் பூச்சில் புதிதாக மயிரிழை விரிசல் தெரிந்தால் முதலில் மேலே குவியல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மொட்டைமாடி இன்னும் மோசமான இடம். ஆட்கள் ஏறிப் புழங்கும் கூரைக்குத் தரநிலை சொல்லும் சுமை சுமார் 150 கிலோதான். மழை பெய்தால் சாக்கு நனைந்து எடை கூடும், மண் கரைந்து மழைநீர்க் குழாயை அடைக்கும். நடைபாதையிலும் படிக்கட்டிலும் வைத்தால் தீ விபத்தின்போது வெளியேறும் வழி மறிக்கப்படுகிறது.

அளந்து பார்க்கக் கருவி தேவையில்லாத ஒரு விதி போதும்: சாக்குகளை வேலை நடக்கும் வீட்டுக்குள் மட்டும் படுக்கவைக்க வேண்டும், இரண்டு அடுக்குக்கு மேல் போகக் கூடாது. 25 கிலோ சாக்கு இரண்டு அடுக்காகக் கிடந்தால் சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்குள் அடங்கிவிடும். பாதுகாவலர்கூட ஒரு பார்வையில் சரிபார்க்கலாம்.

அன்றாடம் வெளியேற்றுவதும் கணக்கில் அழகாகப் பொருந்துகிறது. நான்கு நாள் உடைப்பில் நாளுக்கு 22 சாக்கு, 550 கிலோ. ஆறு பேர் ஏறும் லிஃப்டின் திறன் 408 கிலோ. பத்துச் சாக்கும் இரண்டு ஆளும் ஏறினால் 390 கிலோவை ஒட்டி வரும். மூன்று நடையில் வேலை முடியும். மதிய அமைதி நேரத்தில், சாப்பாடு முடிந்ததும் இரண்டு முதல் மூன்று வரை இதைச் செய்யலாம். சாக்கை இழுக்காமல் தூக்கி வைத்தால் ஓசை இல்லை. அலுவலகம் போகும் காலை நெரிசலும் பள்ளிப் பிள்ளைகள் திரும்பும் மாலையும் தப்பும். பிற்பகலில் உடைத்தது மறுநாள் மதியம் இறங்கும். ஊரில் ‘குட்டி யானை’ என்று அழைக்கப்படும் சிறிய சரக்கு வண்டி ஏறக்குறைய முக்கால் டன் ஏற்றும், அதனால் நாளுக்கு ஒரு நடை போதும்.

லிஃப்டின் உட்சுவருக்குப் பிளைவுட் அல்லது தடித்த அட்டை கட்ட வேண்டும். அதைவிட முக்கியம், கதவு ஓடும் தரைப் பள்ளத்தை ஒவ்வொரு நாளும் துடைப்பது. லிஃப்ட் கதவு பாதி மூடித் திரும்பத் திறந்துகொண்டால், அந்தப் பள்ளத்தில் டைல் சில்லு சிக்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம்.

குழாய்க்குள் போகும் கழிவு

சாக்கில் அடங்காத கழிவு ஒன்று இருக்கிறது: சிமென்ட் பால். பாண்டையும் கரண்டியையும் கழுவிய தண்ணீர், டைல் வெட்டிய சேறு, தரை கழுவிய கலங்கல். மாலையில் வேலை முடிந்ததும் இது குளியலறைத் துளையிலேயே ஊற்றப்படுகிறது.

சிமென்ட் தண்ணீருக்கு அடியிலும் இறுகும். துளைக்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவில் அது படிந்து, நாளடைவில் கல்லாகிறது. தப்பித்துப் போனது எல்லா மாடிக்கும் பொதுவான நெடுங்குழாயின் அடி வளைவில் படிகிறது. அங்கே அடைத்தால் கழிவுநீர் பொங்கி வருவது தரைத்தள வீட்டில், அதுவும் பல வாரம் கழித்து. அதற்குள் ஒப்பந்ததாரர் கணக்கு முடித்துப் போயிருப்பார்.

இதைத் தடுக்கச் செலவே இல்லை. உடைக்கத் தொடங்கும் முன்பே துளைகளைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்துவிட வேண்டும். கழுவிய தண்ணீரை ஒரு டிரம்மில் இரவு முழுக்கத் தெளியவிட்டு, அடியில் படிந்த சேற்றை மறுநாள் சாக்கோடு அனுப்ப வேண்டும். வேலை முடிந்த அன்று இரண்டு வாளித் தண்ணீரைத் துளையில் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். வேலைக்கு முன்பு இதே சோதனையைச் செய்து எவ்வளவு வேகத்தில் இறங்கியது என்று குறித்து வைத்திருந்தால், பின்னால் ‘அது முன்னாடியே அடைப்புதான்’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

வாசலைத் தாண்டிய பிறகு

வண்டி ஏறியதும் பொறுப்பு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கட்டட இடிபாடு மேலாண்மை விதிகள் 2016இல் வந்தபோதே, கழிவை உண்டாக்குபவர்தான் அதைச் சேகரித்து உரிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும், போக்குவரத்துக்கோ வடிகாலுக்கோ தடையாகக் கொட்டக் கூடாது என்று சொல்லின. வீட்டைப் புதுப்பிக்கும் சாதாரணக் குடும்பமும் இந்தக் கடமைக்குள் வரும்.

சென்னையில் இடிபாட்டைப் பதப்படுத்தும் ஆலைகள் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இருக்கின்றன. அங்கே கான்கிரீட்டும் செங்கல்லும் உடைத்துச் சலிக்கப்பட்டு மணலாகவும் ஜல்லியாகவும் திரும்புகின்றன. எந்த அளவை எங்கே ஒப்படைப்பது என்பதை மாநகராட்சியின் 1913 எண்ணில் வேலைக்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம். இடிபாட்டோடு தெர்மகோல், பெயின்ட் டப்பா, சமையலறைக் குப்பை கலந்திருந்தால் பதப்படுத்துவது கடினம், ஆகவே சாக்கு கட்டும்போதே அவற்றைப் பிரித்துவிட வேண்டும்.

வண்டி ஆலைக்குப் போகாமல் ஏரிக்கரையிலோ காலிமனையிலோ இரவில் கொட்டிவிட்டு வருவதுதான் நகரம் எங்கும் நடக்கும் தவறு. நீரோடும் வழியில் விழும் ஒவ்வொரு வண்டி மண்ணும் மழைக்காலத்தில் தெருவுக்குள் தண்ணீரைத் திருப்புகிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய குறிகள் உண்டு. வழக்கத்தைவிட மிகக் குறைந்த வாடகை, இருட்டிய பிறகுதான் ஏற்றுவோம் என்ற பிடிவாதம், ஒப்படைத்ததற்குச் சீட்டு இல்லாதது. வாயிற்காவலர் ஒரு நோட்டில் தேதி, வண்டி எண், சாக்கு எண்ணிக்கை மூன்றையும் எழுதினால் போதும். 88 சாக்கு வர வேண்டிய இடத்தில் 50தான் பதிவாகியிருந்தால் மீதி எங்கே என்று கேட்கலாம்.

இந்த விதிகளுக்குப் பலம் தருவது முன்பணம். திரும்பத் தரக்கூடிய அந்தத் தொகையை, சங்கமே ஒருமுறை இடிபாட்டை அப்புறப்படுத்தவும் லிஃப்ட் கதவைச் சரிசெய்யவும் ஆகும் செலவைக் கணக்கிட்டு நிர்ணயிப்பது நியாயமாக இருக்கும். ஓசை நேரத்தை மீறினால் ஒருமுறை எச்சரிக்கை, அடுத்த முறை எவ்வளவு பிடித்தம் என்பதையும் முன்பே எழுதிவிட வேண்டும். பிடித்தம் வீட்டுக்காரரின் தொகையிலிருந்து போக வேண்டும். விதி தெரியாமல் காலையில் வந்து நிற்கும் கூலியாளின் கையிலிருந்து போகக் கூடாது. சங்கத்தின் தாளில் வீட்டுக்காரரும் மேஸ்திரியும் இருவருமே கையெழுத்திட்டால், மேஸ்திரி தன் ஆட்களின் வேலையை அந்த மணிகளுக்கு ஏற்றபடி முதல் நாளிலேயே அடுக்கிக்கொள்வார்: காலையில் உடைப்பு, மதியம் சாக்கு, மூன்று மணிக்கு மறுபடி உடைப்பு, ஐந்துக்கு மேல் ஆறு வரை துடைப்பமும் டிரம்மும்.

வேலை முடிந்ததும் சங்கத்தின் சார்பில் ஒருவரும் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்து நான்கு இடங்களைப் பார்த்தால் முன்பணத்தைத் திருப்பிவிடலாம்: கீழ்வீட்டுக் கூரை, குளியலறைத் துளை, லிஃப்ட் கதவு, வாயிற்காவலரின் நோட்டு. கூரை மட்டும் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டியது. புதிய தளத்தில் தண்ணீர் புழங்கத் தொடங்கிய பிறகுதான் ஈரக்கசிவு தெரியும்.